வீட்டுக்குக் காப்புறுதி இருக்கு, எங்கள் சாமான்களுக்கு?

வன்னியில் வாடகைக்கு இருப்பவர்களில் பலர் எங்களைப் போல வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆசிரியர்கள், பிரதேச செயலகக்காரர், வங்கிகளில் வேலை செய்பவர்கள். வீடு பார்க்கும்போது கிணற்றுத் தண்ணீர் உவரா, கரண்டுக்கு தனி மீற்றரா, முற்பணம் எத்தனை மாதம் என்று எல்லாம் கேட்கிறோம். கட்டிடத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. நாங்கள் கேட்டோம். அதனால் தெரிந்துகொண்டவற்றையும், அதற்குப் பிறகு வந்த மாரியில் நடந்ததையும் எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் வீடு பரந்தனுக்கும் முரசுமோட்டைக்கும் இடையில், முல்லைத்தீவு வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு ஐயா. அவரும் மனைவியும் பின்பக்கம் இருக்கிறார்கள், முன்பக்கம் எங்களுக்கு. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் கனகராயன் ஆற்று வழியே தண்ணீர் இறங்கும் பக்கம் இது. ஆகவே நான் காப்புறுதியில் தொடங்கவில்லை, வெள்ளத்தில் தொடங்கினேன். எடுத்த எடுப்பிலேயே "உங்கட வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ?" என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு அது தன் கடனையும் காணியையும் துருவுவது போலப் படும். "ஐயா, 2018 மார்கழி வெள்ளத்தில இந்த வளவுக்குத் தண்ணி வந்ததோ?" என்றால் யாரும் மனம் திறந்து பேசுவார்கள்.

அவர் என்னை அறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும் என் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடு மெல்லிய மஞ்சளாய் ஓடியது. கதவு நிலைகளின் அடிப்பகுதி ஊதி, பெயின்ற் செதில் செதிலாக நின்றது. பிளக் பொயின்ற்கள் எல்லாம் இடுப்பளவு உயரத்தில் இருந்தன, வெள்ளத்துக்குப் பிறகு மேலே தூக்கிவிட்டாராம். சுவரில் கோடும் உயர்த்திய பிளக்கும் இருந்தால் அந்த வீட்டின் வெள்ள வரலாறு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டேன், "அப்ப இதுக்கெல்லாம் காப்புறுதி கிடைச்சதோ?"

"அப்ப இல்லை. இப்ப இருக்குது பிள்ளை. திருத்தக் கடன் எடுக்கேக்க பாங்க்காரர் போட்டவை" என்றார்.

இந்தப் பதிலோடு பலர் நின்றுவிடுவார்கள். ஆனால் "வங்கி போட்டது" என்றால், அது வங்கியின் கடனைக் காப்பதற்காகப் போட்டது. அந்த ஒரு விஷயத்தில் இருந்தே வாடகைக்காரர் கேட்க வேண்டிய மற்றக் கேள்விகள் எல்லாம் கிளம்புகின்றன. நான் காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் அட்டவணையை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். கடன் விபரம் எனக்குத் தேவையில்லை என்றும் சொன்னேன். ஐயா ஒரு பழைய பைலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானும் கணவரும் வரிவரியாகப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். ஐயாவும் அதை அன்றுதான் முழுதாகக் கேட்டார்.

அட்டவணையில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. எதைக் காப்புறுதி செய்திருக்கிறது என்ற இடத்தில் "கட்டிடம்" என்று மட்டுமே இருந்தது. உள்ளே இருக்கும் பொருட்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தாலும் அது ஐயாவின் பொருட்களுக்குத்தான், எங்களுடையவற்றுக்கு அல்ல. வீட்டுக்காரரின் காப்புறுதி வாடகைக்காரரின் கட்டிலையும் பிரிட்ஜையும் சேர்த்துக் காக்கும் என்ற எண்ணம் எங்கள் சனத்திடம் பரவலாக இருக்கிறது. அது காக்காது. பொருள் யாருடையதோ, அவர்தான் அதற்குக் காப்புறுதி எடுக்கலாம். அதேபோல வாடகைக்கு இருக்கும் நாங்கள் கட்டிடத்தைச் சொந்தக்காரர் மாதிரி எங்கள் பெயரில் காப்புறுதி செய்ய முடியாது. நாங்கள் சொந்தக் காசில் போட்ட தண்ணி மோட்டரும் யன்னல் கிறில்லும் மட்டும் இடையில் நிற்கும். அவற்றை எங்கள் பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்லி முகவரிடம் கேட்டோம், எழுதித் தந்தார்கள்.

அடுத்தது, எந்த ஆபத்துகளுக்கு என்பது. தீயும் மின்னலும் இருந்தன. வெள்ளமும் புயலும் இல்லை. பரந்தன் வயல்வெளியை ஒட்டிய ஒரு வீட்டுக்கு வெள்ளம் இல்லாத காப்புறுதி! யாரும் ஏமாற்றவில்லை. தீக் காப்புறுதியின் அடிப்படைப் பத்திரம் பொதுவாக அப்படித்தான் இருக்கும். புயல், வெள்ளம், குழாய் வெடிப்பு, வாகனமோ மிருகமோ வந்து மோதுவது எல்லாம் மேலதிகமாகக் கேட்டு, மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டணம்தான், அது அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. ஒட்டுசுட்டான் பக்கம் போல யானை நடமாட்டம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் மிருகம் மோதுவது பற்றிய வரியில் காட்டு யானையும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது தொகை. பத்திரத்தில் 25 இலட்சம் ரூபா என்று இருந்தது. அது கடன் தொகை. அந்த வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்ட எவ்வளவு முடியும் என்று ஐயா தெரிந்த மேசனிடம் விசாரித்தார், 60 இலட்சம் வரை வரும் என்றார் அவர். இதில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். குசினி மட்டும் எரிந்து 12 இலட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். 25 இலட்சத்துக்குக் காப்புறுதி இருக்கிறது, 12 இலட்சம் முழுதாகக் கிடைக்கும் என்றுதான் நினைப்போம். கிடைக்காது. 60 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு 25 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருப்பதால், மிகுதிப் பங்கை வீட்டுக்காரரே பொறுப்பேற்றிருப்பதாகக் கணக்கிடுவார்கள். 12 இலட்சத்தை 25 ஆல் பெருக்கி 60 ஆல் பிரித்தால் 5 இலட்சம். அதிலிருந்தும், எந்த நட்டத்திலும் வீட்டுக்காரர் தானே பொறுக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் பங்கைக் கழிப்பார்கள். கடன் மிச்சம் இருந்தால் வங்கிதான் அந்தக் காசில் முதல் உரிமையாளர்.

இது வீட்டுக்காரரின் கவலைதானே என்று நாங்கள் இருக்க முடியாது. குசினி எரிந்து, திருத்தக் காசு இல்லாமல் அவர் நின்றால் நாங்கள்தான் தகரக் கொட்டிலில் சமைக்க வேண்டும், அல்லது நடு வருடத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் வைத்துக்கொண்டு வேறு வீடு தேட வேண்டும்.

குசினி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி எங்கள் அடுப்பில் இருந்து தீ பரவி வீடு சேதமானால், வீட்டுக்காரரின் காப்புறுதிக் கொம்பனி அவருக்குக் காசைக் கொடுத்துவிட்டு, எங்கள் கவனயீனம்தான் காரணம் என்று காட்ட முடிந்தால் அதை எங்களிடம் திருப்பிக் கேட்கலாம். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த உரிமை கொம்பனிக்குப் போய்விடுகிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. வீட்டுக்காரர் தன் கொம்பனியிடம் வாடகைக்காரரிடம் திருப்பிக் கேட்பதில்லை என்ற உறுதியை எழுதி வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், வாடகைக்காரர் தன் வீட்டுப் பொருள் காப்புறுதியோடு, வாடகை வீட்டுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான சட்டப் பொறுப்பையும் சேர்த்துக் கேட்கலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். அதற்காகக் கூடிய கட்டணம் பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் பொருட்களின் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை அறையாக எழுதினோம். இங்கேதான் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. நட்டம் வந்தால் புதிதாக வாங்கும் விலையைத் தரும் பத்திரமும் உண்டு, பழைமைக்குக் கழித்து இன்றைய பெறுமதியைத் தரும் பத்திரமும் உண்டு. முதலாவதற்குக் கட்டணம் கூட. நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். ஆகவே பட்டியலில் பிரிட்ஜுக்குக் கடை விலையான ஒன்றரை இலட்சத்தை எழுதவில்லை, 90,000 என்று எழுதினோம். கூட எழுதினால் கட்டணம்தான் கூடும், கிடைப்பது கூடாது. குறைத்து எழுதினால் மேலே சொன்ன பங்குக் கணக்கு எங்களுக்கும் வரும். எல்லாம் சேர்த்து 6 இலட்சம் வந்தது. வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாவில் முடிந்தது.

நகைக்கு ஒரு எல்லை போட்டிருந்தார்கள், காசுக்கு ஈடே இல்லை. அரிசி மூட்டை, மாதச் சாமான் எல்லாம் கணக்கில் வராது. களவு என்றால் கதவையோ பூட்டையோ உடைத்து வந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும். திறந்து கிடந்த யன்னலால் கைவிட்டு போனை எடுத்தால் இல்லை. மின்னல் அடித்து வீடு தீப்பிடித்தால் ஈடு உண்டு, ஆனால் கரண்ட் கூடிக்குறைந்து டீவி மட்டும் எரிந்துபோனால் அடிப்படைப் பத்திரத்தில் கிடைக்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் எங்கள் இடத்தில் இந்த வரியைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தோம். மழை ஒழுக்கும் அப்படித்தான். காற்று ஓட்டைத் தூக்கி, அந்த வழியால் மழை உள்ளே வந்து அலுமாரி நனைந்தால் ஈடு உண்டு. குரங்கு உடைத்த ஓட்டை மாற்றாமல் விட்டு மாதக்கணக்கில் ஒழுகியிருந்தால் அது பராமரிப்புக் குறை, காப்புறுதிக்காரர் தலையிடமாட்டார்கள். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் ஓடு மாற்றுவது யார் வேலை என்று ஒரு வரி எழுதுவித்தோம்.

வெளியூர்க்காரருக்கு முக்கியமான இன்னொரு வரி, வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பது பற்றியது. எங்கள் பத்திரத்தில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பூட்டிக்கிடந்தால், முன்கூட்டி அறிவிக்காவிட்டால், களவுக்கான காப்பு நின்றுவிடும் என்று இருந்தது. மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் அப்படியே தைப்பொங்கலையும் முடித்துக்கொண்டு வரும் ஆசிரியக் குடும்பங்கள் இந்த நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். வெள்ளமும் அந்தக் காலத்தில்தான் வருகிறது.

ஐயா சும்மா இருக்கவில்லை. புதுப்பிக்கும் தவணை வந்தபோது வங்கியிலும் கொம்பனியிலும் பேசித் தொகையைக் கூட்டினார், வெள்ளத்தையும் புயலையும் சேர்க்கக் கேட்டார். விண்ணப்பத்தில் முன்னர் வெள்ளம் வந்ததா என்ற கேள்வி இருந்தது. 2018 இல் எந்த மட்டத்துக்கு வந்தது என்று உள்ளபடியே எழுதினார். மறைத்திருந்தால் பின்னர் அதையே காரணமாகக் காட்டி மறுக்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. உண்மையை எழுதியதால் அவர் பொறுக்க வேண்டிய பங்கைக் கூட்டினார்கள். வெள்ள நட்டத்தில் 10 வீதம், அது குறைந்தபட்சம் ஒரு இலட்சம் ரூபா. எங்கள் பத்திரத்தில் 10 வீதம், குறைந்தது 10,000.

அந்த மாரியில் வான்கதவு திறந்து, இரவோடு இரவாகத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வீட்டுக்குள் ஏறியது. பாடப் புத்தகங்கள், மடிகணினி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கட்டிலின் மேல் மேசையைப் போட்டு ஏற்றிவிட்டோம். தரையோடு இருந்தவை நனைந்தன. பிரிட்ஜின் மோட்டர், பலகைத்தூள் அலுமாரி, தரையில் விரித்திருந்த மெத்தை. பலகைத்தூள் அலுமாரி வெள்ளத்தில் நின்றால் இரண்டே நாளில் அடி உப்பிப் பிளந்து, கதவு சாத்த முடியாமல் போய்விடும். திருத்தவும் முடியாது.

விடிந்ததும் கணவர் முதலில் செய்தது தண்ணீர் நிற்கும்போதே ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்தது. சுவரில் அளவுநாடாவைப் பிடித்துத் தண்ணீர் மட்டத்தையும் எடுத்தார். பிறகு கொம்பனிக்கு அழைத்து, அழைப்பு இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். அன்றே வட்ஸ்அப்பில் எழுத்திலும் அனுப்பினார். நான் கிராம அலுவலரிடம் போய் இந்த முகவரியில் வெள்ளம் புகுந்ததை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டேன். வீட்டுக்கு வந்த கையோடு எங்கள் குடும்ப விபரத்தை அவரிடம் பதிந்திருந்தபடியால் "இவை ஆர்?" என்ற கேள்வி எழவில்லை. வாடகைக்காரர் பலர் ஊர்ப் பதிவை மாற்றாமலே இருக்கிறார்கள். அவசரத்தில் கடிதம் கேட்கும்போதுதான் அது இடிக்கும்.

ஊரெல்லாம் நனைந்த மெத்தைகளை வீதியோரம் போட்டு எரித்தது. நாங்கள் எரிக்கவில்லை. கொம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் கண்ணால் காணாத பொருளுக்கு ஈடு கேட்பது கடினம். மெத்தையைப் பின்வளவில் தடியின் மேல் போட்டுத் தகரத்தால் மூடினோம். நாற்றம் தாங்க முடியாமல் ஐயாவின் மனைவி "எறியுங்கோ பிள்ளை, வருத்தம் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. பொறுக்கவே முடியாத நிலை என்றால் கொம்பனியிடம் எழுத்தில் கேட்டு, படமும் துணியில் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு எறியலாம். வீதி திறந்ததும் மதிப்பீட்டாளர் வந்தார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பிரிட்ஜை உடனே கரண்டில் போட்டுப் பார்க்காதது நல்லது என்றார். போட்டிருந்தால் மோட்டர் வெள்ளத்தால் போனதா கரண்டால் போனதா என்ற தர்க்கம் வந்திருக்கும்.

புதிதாக வாங்க மூன்றுக்கும் சேர்த்து இரண்டரை இலட்சம் வேண்டியிருந்தது. இன்றைய பெறுமதியாகப் பிரிட்ஜுக்கு 90,000, அலுமாரிக்கு 35,000, மெத்தைக்கு 25,000 என்று ஒன்றரை இலட்சம் கணித்தார்கள். அதில் எங்கள் பங்கு 15,000 போக 1,35,000 ரூபா வங்கிக் கணக்குக்கு வந்தது. பாதியைவிடக் கொஞ்சம் கூட. அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு, "கட்டினதுக்கு இவ்வளவுதானோ?" என்று. அந்த மாதம் சம்பளத்தில் கை வைக்காமல் பிரிட்ஜ் வாங்க முடிந்தது எங்களுக்குப் பெரிய காரியம். புது விலைக்கே ஈடு தரும் பத்திரத்தை இந்த முறை எடுக்கலாமா என்று விலை கேட்டிருக்கிறோம்.

ஐயாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் பக்கம் கதவு நிலைகளும் பெயின்றும் போய் 60,000 அளவில் செலவு. அவர் பொறுக்க வேண்டிய குறைந்தபட்சமே ஒரு இலட்சம் என்பதால் கோரிக்கை அனுப்புவதிலேயே பயன் இருக்கவில்லை. அவர் அதை நிதானமாகவே எடுத்துக்கொண்டார். இந்தத் தொகையில் ஒரு வெள்ளக் காப்பு, சுவர் சாய்ந்து கூரை இறங்கும் வெள்ளத்துக்கானது. கதவு நிலைக்கான காசை அவர் தனியாக ஒதுக்கத்தான் வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் கதவு, சுவர், தரை அவர் செலவு என்று தெளிவாக எழுதியிருந்தபடியால், யார் கட்டுவது என்ற பேச்சு எங்களுக்கிடையில் எழவே இல்லை.

எங்களுக்கு அப்படி நேரவில்லை என்றாலும், காரணம் சொல்லாமல் கோரிக்கையை மறுத்தால் முதலில் கொம்பனியிடமே மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கே போகும்போது அழைப்பு இலக்கம், திகதி, படங்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் கதை நிற்கும்.

இப்போது கணவருக்கு மாங்குளத்துக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. பொருள் காப்புறுதி ஆளோடு தானாக நகராது, பத்திரத்தில் உள்ள முகவரிக்குத்தான் அது செல்லுபடியாகும். ஆகவே லொறி பிடிப்பதற்கு முன்னமே புது முகவரியை எழுத்தில் கொடுத்து, மாற்றிய அட்டவணையை வாங்கிவிட்டோம். லொறியில் போகும் வழியில் உடைவது இந்தக் காப்புறுதியில் இல்லை என்று முகவர் சொன்னார், கண்ணாடிச் சாமான்களை நாங்களே பஸ்ஸில் கொண்டு போகிறோம். மாங்குளத்து வீட்டுக்காரரிடமும் கேட்டாயிற்று. காணி அனுமதிப்பத்திரக் காணி, வங்கிக் கடன் இல்லை, காப்புறுதியும் இல்லை. காப்புறுதி எடுப்பதென்றால் எங்கு விசாரிக்கலாம் என்று அவர் கேட்டார், ஐயாவின் தொலைபேசி இலக்கத்தை ஐயாவிடம் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறேன்.